‘குடுத்து வைச்ச பிள்ளை’: ஒரு பொங்கல் வாழ்த்தை மூன்று தரம் எழுதிய கதை

கார்த்திகை விளக்கீடு முடிந்து அடுத்த கிழமை என் தங்கச்சி வீட்டுக்கு மகள் வந்தாள். ஆறு வயது. மாவட்ட நீதிமன்றத்தின் மகவேற்புக் கட்டளை கைக்கு வந்த மூன்றாம் நாள். அவளுடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. வீட்டில் எல்லோரும் ‘குஞ்சு’ என்றுதான் கூப்பிடுகிறோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கொண்டாட்டம் என்று முதலில் வந்தது தைப்பொங்கல். வாழ்த்து எழுதுவதில் எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கலியாண அழைப்பிதழ், அறுபதாம் கலியாணம், அந்தியேட்டி மலர் எதுவென்றாலும் என்னிடம்தான் வரும். அதனால் யாரும் கேட்காமலே உட்கார்ந்து எழுதினேன்: “எங்கள் வீட்டுக்கு வந்த மகாலட்சுமிக்கு முதல் பொங்கல் வாழ்த்துகள். ஒரு பிள்ளைக்கு வாழ்வு கொடுத்த தங்கச்சிக்கும் மச்சானுக்கும் கடவுள் ஒரு குறையும் வைக்க மாட்டார். தை பிறந்தால் வழி பிறக்கும்.”

எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போட முதல் தங்கச்சிக்குக் காட்டுவோம் என்று போனேன். அவள் பொங்கலுக்குப் பயறு வறுத்துக்கொண்டு நின்றாள். போனை வாங்கி வாசித்தாள். ஒன்றும் பேசவில்லை. பயறு கருகுகிற மணம் வந்த பிறகுதான் அடுப்பை நிற்பாட்டினாள்.

“அக்கா, குறை விளங்கக்கூடாது. இதைக் குறூப்பில போடாதேங்கோ.”

எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லதுக்கு எழுதினால் இப்படியா என்று. பிறகு அவள் ஒவ்வொரு வரியாய்ச் சொன்னாள்.

‘தை பிறந்தால் வழி பிறக்கும்.’ நாங்கள் இதை ஆருக்குத்தான் சொல்லவில்லை? வேலை இல்லாதவனுக்குச் சொன்னால் வழி என்றால் வேலை. குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் சொன்னால் வழி என்றால் கலியாணம். கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்கிறவனுக்கு விசா. பிள்ளை இல்லாத வீட்டில் சொன்னால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான். கலியாணம் கட்டி 11 தையும் யாராவது ஒருவர் வந்து அவளுக்கு இதைச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லும்போது கண் ஒருக்கால் அவளுடைய வயிற்றுப் பக்கம் போய் வரும். இப்போது மகள் வந்த பிறகும் அதையே எழுதினால், ‘இது சரி, இனி உங்களுக்கென்று ஒன்று பிறக்கும்’ என்றுதான் வாசிக்கிறவர்களுக்குப் படும். பிள்ளை எடுத்த வீட்டில் அடுத்த வருடமே சொந்தமாய் ஒன்று பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. பிள்ளையைக் கைராசிக்குக் கொண்டு வந்த மாதிரி. பழமொழியில் பிழை இல்லை, போய் விழுந்த இடம்தான் பிழை.

‘ஒரு குறையும் வைக்க மாட்டார்’ என்றால், குறை ஒன்று இருக்கிறது, அது நான் எழுதும்போது என் மனதில் நிற்கிறது என்று அர்த்தம். ‘வாழ்வு கொடுத்த’ என்பதைப் பற்றி அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “உங்கட மகன் பிறக்கேக்க உங்களுக்கு ஆரும் இப்பிடி எழுதினவையே, அக்கா? ‘ஒரு பிள்ளைக்கு வாழ்வு கொடுத்தீங்கள்’ எண்டு?”

யாரும் எழுதவில்லை. ‘மகனுக்கும் உங்களுக்கும் வாழ்த்துகள்’ என்றுதான் எழுதினார்கள்.

அன்றைக்கு எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்த மாதிரி இருந்தது. இந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எழுதாத எதையும் இந்தப் பிள்ளைக்கும் எழுதுவதில்லை. ‘வீட்டுக்கு வந்த மகாலட்சுமி’ என்பதில் ‘மகாலட்சுமி’ இருக்கலாம், எந்தப் பெண்பிள்ளைக்கும் சொல்லுகிறதுதான். ‘வந்த’ என்பதை எடுத்தேன். கட்டளை கிடைத்த நாளிலிருந்து சட்டத்தின் கண்ணில் அவள் இவர்களின் பிள்ளை. ‘வளர்ப்பு மகள்’, ‘எடுத்த பிள்ளை’ என்ற அடைமொழியைச் சட்டமே போடாதபோது பொங்கல் வாழ்த்தில் நான் ஏன் போட வேண்டும்?

இரண்டாம் தரம் எழுதியது இப்படி வந்தது: “தங்கச்சி, மச்சான், குஞ்சு மூன்று பேருக்கும் பொங்கல் வாழ்த்துகள். குஞ்சுவின் முதல் பொங்கல் இனிக்கட்டும்.” தங்கச்சிக்குப் பிடித்தது. ஒரு மட்டையில் கலர்ப் பேனையால் பெரிய எழுத்தில் எழுதி, கரும்பும் பானையும் கீறி, குஞ்சுவிடமே கொடுத்தேன். முதலாம் ஆண்டுப் பிள்ளை, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மு, த, ல்... முதல். பொங்கல். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“பெரியம்மா, முதல் இல்லை. நாங்கள் அங்கயும் பொங்கினனாங்கள். பெரிய பானை.”

என் அளவுகோலும் அங்கே முறிந்தது. வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ‘முதல் பொங்கல்’ என்று தயங்காமல் எழுதுவோம். கைக்குழந்தையாய் வந்த பிள்ளைக்கும் எழுதலாம். ஆனால் இவள் சிறுவர் இல்லத்தில் பொங்கல் கண்டவள். அங்கே அவளுக்குச் சிநேகிதிகள் இருந்தார்கள், பானை இருந்தது, கோலம் இருந்தது. ‘முதல்’ என்று நான் எழுதினால் அதெல்லாம் கணக்கில் இல்லை என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லுகிறேன். பெரியவர்களுக்கு இது பெரிய விஷயமாய்த் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, அதனால்தான் திருத்தினாள். மகவேற்புக்கு 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் அந்தப் பிள்ளையின் சம்மதம் வேண்டும் என்று எங்கள் சட்டம் சொல்லுகிறது. ஒரு வாழ்த்துக்குச் சம்மதம் கேட்க 10 வயது வரை காத்திருக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

‘முதல்’ என்பதை அப்படியே வெட்டவும் எனக்கு மனமில்லை. அவர்கள் மூவரும் சேர்ந்து பொங்குவது முதல்தரம்தானே. அந்தச் சந்தோசத்தை விழுங்கினால் வாழ்த்து சப்பென்று போய்விடும். அதனால் முதல் யாருக்கு என்பதை மாற்றினேன். பிள்ளைக்கு இல்லை, பானைக்கு.

மூன்றாவதாக எழுதியதுதான் போனது: “தங்கச்சி, மச்சான், குஞ்சு மூன்று பேருக்கும் இனிய தைப்பொங்கல் வாழ்த்துகள். உங்கள் பானைக்குள் இந்த முறை மூன்று கை அரிசி விழப்போகிறது. எனக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கோ. குஞ்சு, பட்டிப்பொங்கலுக்கு எங்கட வீட்ட வாங்கோ, கன்றுக்கு நீங்கள்தான் மாலை போடவேணும். இப்படிக்கு, பெரியம்மா.”

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். பிள்ளைக்கு வாழ்த்து எழுதும்போது கீழே உங்கள் பெயரைப் போடாமல் முறையைப் போடுங்கள். மாமி, சித்தப்பா, அம்மம்மா, பக்கத்து வீட்டு அன்ரி, எதுவாயினும். புதிதாய் வந்த பிள்ளைக்குப் பெரிய இடைஞ்சல் யாரை எப்படிக் கூப்பிடுகிறது என்பதுதான். கூப்பிடத் தெரியாமல் கதவுக்குப் பின்னால் நிற்பாள், நாங்கள் ‘கூச்ச சுபாவம்’ என்போம். வாழ்த்திலேயே முறை இருந்தால் அந்தக் கதவு திறந்துவிடும்.

என் பிழை என்னோடு போயிற்று. மற்றவர்களுடையது? குறூப்பில் 40 பேருக்கு மேல். பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும். அவர்கள் எழுதுவதில்லை, குரல் பதிவு போடுவார்கள். மச்சான் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில்தான் கேட்பார். பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி வந்த ஒன்றை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்: “பாவம், அந்தப் பிள்ளை சண்டையில தாய் தேப்பனை இழந்ததோ?” சண்டை முடிந்தது 2009. பிள்ளைக்கு ஆறு வயது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனத்துக்கு ஊரின் மணிக்கூடு அந்த வருடத்தோடு நின்றுவிட்டது என்று சில நேரம் தோன்றும். நல்லகாலம், குஞ்சு அப்போது கிணற்றடியில் நின்றாள்.

அன்றிரவு குறூப்பில் நான் ஒரு சின்னச் செய்தி போட்டேன். புத்தி சொல்லுகிற மாதிரி எழுதினால் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குறூப்பை விட்டுப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்படி எழுதினேன்: “பொங்கல் வாழ்த்துகளைக் குஞ்சுவும் கேட்பாள், வாசிப்பாள். அவளுடைய பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கோ, அவள் உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிட வேணும் எண்டதையும் சொல்லுங்கோ. படம் எடுத்தால் முகப்புத்தகத்தில் போடவேண்டாம். வேறு ஏதும் கேக்க இருந்தால் எனக்குத் தனிய எழுதுங்கோ.” ‘அதைச் சொல்லாதே, இதைச் சொல்லாதே’ என்ற பட்டியல் ஒன்றும் இல்லை. என்ன சொல்லலாம் என்று கையில் கொடுத்தால் சனம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். மறுநாள் ஸ்காபரோவில் இருந்து ஒரு மாமா “குஞ்சு, நான் உன்ர பெரிய மாமா, எனக்கு மீசை இருக்கு” என்று குரல் பதிவு போட்டார். அதை அவள் ஏழெட்டுத் தரம் கேட்டாள்.

தனியே வந்த கேள்விகளும் உண்டு. அதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதினேன் என்று சொல்லவே கூடாது. “என்ன ஆக்களின்ர பிள்ளை?” ஊரில் ஒரு பெரியவர் போன் எடுத்து, வாழ்த்துச் சொல்லி, சுகம் விசாரித்து, மழையைப் பற்றிக் கதைத்து, கடைசியில் இதற்கு வந்தார். என்ன கேட்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “எங்கட ஆக்கள்தான், ஐயா” என்றேன். “இல்லை, நான் கேட்டது...” என்றார். “எங்கட தங்கச்சியின்ர பிள்ளை. எங்கட ஆக்கள்தானே” என்று திருப்பியும் சொன்னேன். போனை வைத்துவிட்டார். இதற்கு நீட்டி விளக்கம் கொடுக்கப் போனால் அடுத்த கேள்விக்கு இடம் கொடுத்த மாதிரி. ஒரே பதிலை இரண்டு தரம் சொல்லுங்கள், போதும்.

பொங்கலன்று விடிய ஐந்து மணிக்கு முற்றம் பெருக்கி, சாணி தெளித்து, அரிசிமாக் கோலம் போட்டாயிற்று. மூன்று கல், புதுப்பானை, கழுத்தில் இஞ்சியும் மஞ்சளும். இரண்டு சுண்டு பச்சரிசி, அரைச் சுண்டு பயறு. எங்கள் எல்லோருக்கும் பயம் மச்சானுடைய அம்மாவைப் பற்றித்தான். மாமி பழைய ஆள், வாய் கொஞ்சம் கூட. பிள்ளை எடுக்கிற கதை வந்த நாளில் இருந்து அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பால் பொங்கி வழிந்தது. மச்சான் கை நிறைய அரிசி அள்ளி, பானையை மூன்று தரம் சுற்றிப் போட்டார். பிறகு தங்கச்சி. குஞ்சு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அங்க பெரிய அக்காமார்தான் போடுறவை” என்றாள். மெதுவாய்த்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் பேச்சை நிற்பாட்டினோம். நான் வேறு கதை எடுக்க வாயைத் திறந்தேன். மாமி முந்திக்கொண்டார்.

“அங்க என்ன பிள்ளை போடுறவை? பயறு போடுவினமோ?”

குஞ்சு யோசித்தாள். “பயறு தெரியாது. பிளம்ஸ் போடுவினம். கன.”

“அப்ப இஞ்சையும் கனப் போடுவம். டேய், கடை திறந்திருந்தா நூறு கிராம் பிளம்ஸ் வாங்கி வா.” மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஓடினார். மாமி குஞ்சுவின் கையைப் பிடித்து அரிசிக்குள் விட்டு, தன் கையை மேலே வைத்து, “ஒண்டு... ரெண்டு... மூண்டு” என்று சுற்றிப் போட வைத்தார். பாதி அரிசி அடுப்புக்குள் விழுந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் வாழ்த்தில் மூன்று தரம் எழுதி அழித்துக் கண்டுபிடித்ததை மாமி ஒரு கேள்வியில் செய்து முடித்தார். பிள்ளை தன் பழைய இடத்தைப் பற்றி வாய் திறந்தால் பேச்சை மாற்றாதீர்கள். பொங்கலைப் பற்றிச் சொன்னாளா, பொங்கலைப் பற்றியே கேளுங்கள். பெற்ற தாயைப் பற்றி, ஏன் அங்கே இருந்தாய் என்று துருவ வேண்டியதில்லை. அவள் எடுத்து வைத்த அளவுக்குள்ளேயே நின்று ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

பத்து மணிபோல் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் பொங்கலோடு வந்தார். நல்ல மனுசி. தங்கச்சி பிள்ளைக்காக அலைந்த நாட்களில் வீட்டுக்குக் காவல் இருந்தவர். குஞ்சுவின் கன்னத்தைக் கிள்ளி, “இதுதானே பிள்ளை? குடுத்து வைச்ச பிள்ளை!” என்றார். நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தோம். எனக்கு ஒரு சின்ன நெருடல், ஆனால் வாய் சிரித்துவிட்டது.

இரவு படுக்கையில் குஞ்சு தங்கச்சியைக் கேட்டிருக்கிறாள்: “அம்மா, என்னை ஆர் குடுத்தது?”

தங்கச்சிக்கு முதலில் விளங்கவில்லை. “அந்த அன்ரி சொன்னவதானே. குடுத்து வைச்ச பிள்ளை எண்டு. ஆர் குடுத்து வைச்சது?”

நாங்கள் நாளுக்கு நாலு தரம் சொல்லுகிற பேச்சு. அதிட்டசாலி என்பதற்கு மேல் நாங்கள் அதில் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போன பிள்ளைக்கு அதில் கேட்பது ‘குடுத்து’ என்ற சொல் ஒன்றுதான். தங்கச்சி அவளுக்குச் சொன்னது: “அது அதிட்டம் எண்டதுக்கு ஒரு பேச்சு, குஞ்சு. லொத்தர் விழுந்தவையையும் அப்பிடித்தான் சொல்லுவினம். உங்களைச் சாமான் மாதிரி ஆரும் குடுக்கேல்லை. உங்களுக்கு அம்மா அப்பாவா இருக்க விடுங்கோ எண்டு நாங்கள்தான் கோட்டில போய்க் கேட்டனாங்கள்.” “கறுப்புக் கோட்டுப் போட்ட அங்கிளிட்டயோ?” “ஓம், அவரிட்டத்தான்.” பிறகு நித்திரை ஆகிவிட்டாளாம். தங்கச்சிதான் நித்திரை கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரு கட்டு முருங்கைக்காயைக் காரணம் வைத்துக்கொண்டு நான் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கே முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் பிள்ளைக்கு முன்னால் பெரிய கதையாகியிருக்கும். சொல்லாமலே விட்டிருந்தால் வருடப்பிறப்புக்கும் அதையேதான் சொல்லுவார். பிள்ளை கேட்டதை மட்டும் அப்படியே சொன்னேன், வேறு ஒரு சொல்லும் கூட்டவில்லை. “ஐயோ, நான் நல்லதெண்டுதானே சொன்னனான்” என்று வாயில் கை வைத்துக்கொண்டார். நல்லதென்றுதான் சொன்னார், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. “அப்ப நான் என்ன சொல்லுறது?” என்று கேட்டார். “உங்கட வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கெல்லே, பாக்க வா எண்டு சொல்லுங்கோ” என்றேன்.

இப்போது குஞ்சு பாதி நேரம் அங்கேதான்.

பட்டிப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து கன்றுக்கு மாலை போட்டாள். கன்று அந்த மாலையைத் தின்றுவிட்டது. பிறகு என் கலர்ப் பேனைகளை எடுத்துக்கொண்டு விறாந்தையில் படுத்துக் கிடந்து ஒரு மட்டையில் எழுதினாள். இல்லத்தில் தனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்த சிநேகிதிக்காம். அனுப்புவீங்களோ என்று கேட்டாள். தங்கச்சி நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேட்டு, இல்லப் பொறுப்பாளரின் பெயருக்கே அனுப்பினாள். பானை ஒன்று, அதைவிடப் பெரிய சூரியன் ஒன்று. கீழே இருந்த எழுத்தை நான் திருத்தவில்லை: “பொங்கள் வாழ்த்து. இஞ்சயும் பிளம்ஸ் போட்டது. நான் அரிசி போட்டனான்.”